14,500 கட்டினா 1,450 ஏறுது! பேங்க் தப்பா டைப் பண்ண தொகை ஸ்டேட்மென்ட்ல எப்படித் திருத்தப்படுது?

உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல நீங்க செய்யாத ஒரு டெபிட், அதுக்கு அடுத்த வரியிலேயே ஒரு கிரெடிட், பக்கத்துல REV அல்லது CORR அப்படின்னு ஒரு குறிப்பு. இதைப் பார்த்து "யாரோ அக்கவுன்ட்ல கை வெச்சுட்டாங்க"ன்னு பயந்தவங்க நிறைய பேர். பெரும்பாலும் அது மோசடி கிடையாது. கவுன்ட்டர்ல யாரோ ஒரு தொகையைத் தப்பா டைப் பண்ணியிருக்காங்க, அதைப் பேங்க் திருத்தியிருக்கு, அவ்வளவுதான்.

ஆனா "திருத்திட்டாங்க, முடிஞ்சது"ன்னு விட்டுடவும் முடியாது. தொகை சரியான பிறகும், அந்தத் தப்பால கிளம்பின மற்ற விஷயங்கள் அப்படியே நிக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு இந்தப் பதிவுல ஒரு கணக்கை வரிவரியா எடுத்துப் பார்க்கலாம்.

தி.நகர்ல முடிஞ்ச 9,000 கோடி கதை

2023 செப்டம்பர் 9. கோடம்பாக்கத்துல நண்பர்களோட தங்கியிருந்த ஒரு கார் டிரைவருக்கு, தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்ல இருந்து ஒரு மெசேஜ் வந்தது. அவர் கணக்குல 9,000 கோடி ரூபாய் வரவு! ஏதோ ஏமாத்து வேலைன்னுதான் முதல்ல நினைச்சார். நிஜமான்னு பார்க்க 21,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பினார். போயிடுச்சு. கொஞ்ச நேரத்துலயே பேங்க் மீதிப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டது. அந்த 21,000 பத்தி இரண்டு தரப்பு வக்கீல்களும் பேங்கோட தி.நகர் கிளையில பேசித் தீர்த்தாங்க. அதே மாசம் 28-ஆம் தேதி பேங்கோட தலைமை நிர்வாகி எஸ்.கிருஷ்ணன், சொந்தக் காரணம்னு சொல்லி ராஜினாமா செய்தார்.

உலக அளவுல இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. 2024 ஏப்ரல்ல அமெரிக்காவோட சிட்டி பேங்க்ல ஒரு வாடிக்கையாளருக்கு 280 டாலர் போக வேண்டிய இடத்துல 81 லட்சம் கோடி டாலர் வரவு வைக்கப்பட்டது. டைப் பண்ணினவர் கவனிக்கல. சரிபார்க்க வேண்டியவரும் கவனிக்கல. சுமார் ஒன்றரை மணி நேரம் கழிச்சு மூணாவது ஆள் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார். காரணம் ரொம்ப சாதாரணம்: அவங்க உபயோகிச்ச மாற்றுத் திரையில தொகைக் கட்டத்துல 15 பூஜ்யம் ஏற்கெனவே நிரம்பியிருக்குமாம். அதை அழிச்சுட்டுத்தான் தொகையை டைப் பண்ணணும். அழிக்கல.

இந்த மாதிரிக் கோடிக்கணக்குத் தப்பு செய்தியாகிடும், சீக்கிரம் சரியாவும் ஆகிடும். நம்மளை மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்குத் தொல்லை தர்றது, செய்தியில வராத சின்னத் தப்பு. அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

ஒரு பூஜ்யம் காணாமப் போனா...

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். நீங்க அடையாறுல இருக்கற உங்க பேங்க் கிளையில கணக்கு வெச்சிருக்கீங்க. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை. கணக்குல 6,200 ரூபாய் இருக்கு. 5-ஆம் தேதி பைக் லோனுக்கு 12,000 ரூபாய் இஎம்ஐ போகணும். அதனால கையில இருந்த 14,500 ரூபாயை, அதாவது இருபத்தொன்பது 500 ரூபாய் நோட்டை, சலான் எழுதிக் கவுன்ட்டர்ல கட்டறீங்க. கேஷியர் நோட்டை எண்ணிட்டு, சலான்ல சீல் போட்டு, உங்க பகுதியைக் கிழிச்சுக் கொடுத்துடறார். சலான்ல 14,500. ஆனா கம்ப்யூட்டர்ல அவர் டைப் பண்ணது 1,450.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. பேங்க்ல ஒருத்தர் டைப் பண்ணுவார், இன்னொருத்தர் ஒப்புதல் கொடுப்பார்னு ஒரு முறை இருக்கு. ஆனா ஒரு கேஷியருக்குன்னு வெச்சிருக்கற வரம்புக்குள்ள இருக்கற தொகைக்குப் பொதுவா இரண்டாவது ஆள் தேவையில்லை. 14,500-ஐ 14,50,000-ன்னு அடிச்சிருந்தா அது வரம்பைத் தாண்டி ஆபீசர் திரைக்குப் போயிருக்கும், அவர் கண்ணுல பட வாய்ப்பு உண்டு. 1,450-ன்னு அடிச்சா யாருமே தடுக்க மாட்டாங்க. பூஜ்யம் கூடின தப்பைவிட, பூஜ்யம் குறைஞ்ச தப்பு சுலபமா நழுவிப் போறதுக்கு இதுதான் காரணம். நஷ்டம் வர்றதும் அதுலதான், நமக்கு.

பேங்க் இதை எப்படிக் கண்டுபிடிக்குது?

சாயங்காலம் கேஷியர் தன்னோட கல்லாவை எண்ணி, சிஸ்டம் காட்டற தொகையோட ஒப்பிடணும். நம்ம கதையில சிஸ்டம் கணக்குப்படி வந்தது 1,450. கல்லாவுல வந்ததோ 14,500. அப்போ 13,050 ரூபாய் அதிகமா இருக்கும்.

இதுல ஒரு பழைய பேங்க் வித்தை இருக்கு. வித்தியாசத் தொகையை 9-ஆல வகுத்துப் பார்ப்பாங்க. மீதி இல்லாம வகுபட்டா, இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம், இல்லைன்னா ஒரு பூஜ்யம் கூடவோ குறையவோ ஆகியிருக்கலாம்னு அர்த்தம். 13,050-ஐ 9-ஆல வகுத்தா 1,450. உடனே அன்னைக்கு வந்த சலான்கள்ல 1,450-ன்னு பதிவானது எதுன்னு தேடினா, உங்க சலான் கையில வந்துடும். இலக்கம் இடம் மாறினாலும் இதே மாதிரிதான்: 14,500-ஐ 41,500-ன்னு அடிச்சா வித்தியாசம் 27,000, அதுவும் 9-ஆல வகுபடும். உங்க ஸ்டேட்மென்ட்ல ஏதாவது தொகை உதைக்கும்போது நீங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. டைப் பண்ணும்போது நடந்த தப்பான்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

அன்னைக்கே, கணக்கு முடிக்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுட்டா, அந்தப் பதிவை ரத்து செஞ்சு அதே தேதியில சரியான தொகையைப் போட்டுடுவாங்க. தொல்லை இல்லை. அன்னைக்குக் கண்டுபிடிக்க முடியலைன்னா, அந்த 13,050 ரூபாயைப் பேங்க் தன்னோட தனிக் கணக்கு ஒண்ணுல 'கூடுதல் ரொக்கம்'னு போட்டு வெச்சுக்கும். உங்க பணம் எங்கேயும் போகல. ஆனா உங்க பேர்லயும் இல்லை.

பணமா இல்லாம, ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்கு மாத்தும்போது நடக்கற தப்புக்கு இந்தக் கல்லாச் சோதனை உதவாது. அங்க எண்ணிப் பார்க்க நோட்டு எதுவும் இல்லையே! அதை ஒப்புதல் கொடுக்கற ஆளோ, பிற்பாடு நடக்கற கணக்குச் சரிபார்ப்போதான் பிடிக்கணும்.

ஸ்டேட்மென்ட்ல என்ன தெரியும்?

நம்ம உதாரணத்துல தப்பு 6-ஆம் தேதிதான் தெரிய வருதுன்னு வெச்சுக்குவோம். அதுக்குள்ள 5-ஆம் தேதி இஎம்ஐ வந்து, 7,650 ரூபாய்தான் இருக்குன்னு திரும்பிப் போயிடுச்சு. அதுக்கு உங்க பேங்க் 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 பிடிச்சுக்கிச்சு. (அபராதம் பேங்குக்கு பேங்க் மாறும்.) திருத்தத்துக்கு அப்புறம் ஸ்டேட்மென்ட் இப்படி இருக்கும்:

```
Txn Date  Value Date  Narration            Debit     Credit    Balance
02-06-25  02-06-25    CASH DEP                     1,450.00   7,650.00
05-06-25  05-06-25    NACH RTN CHG        590.00              7,060.00
06-06-25  02-06-25    REV CASH DEP      1,450.00              5,610.00
06-06-25  02-06-25    CASH DEP CORR               14,500.00  20,110.00
06-06-25  05-06-25    REV NACH RTN CHG               590.00  20,700.00
```

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும்: பழைய வரி அழியல. நாள் கணக்கு முடிஞ்ச பிறகு பேங்க் ஒரு பதிவை ரப்பர் போட்டு அழிக்க முடியாது. தப்பான வரி அப்படியே இருக்கும், அதுக்கு எதிரா இன்னொரு வரி வரும். அதனாலதான் 6-ஆம் தேதி 1,450 டெபிட் ஆகுது. அது உங்ககிட்ட இருந்து பணம் எடுக்கறது இல்லை. 2-ஆம் தேதி போட்ட தப்பான வரவைத் திரும்ப எடுத்துட்டு, அடுத்த வரியில முழு 14,500-ஐயும் புதுசா வெக்கறாங்க.

சில பேங்க்ல இப்படி இரண்டு வரியா வராது. குறையற 13,050-ஐ மட்டும் ஒரே கிரெடிட்டா போட்டுடுவாங்க. ரெண்டுமே கடைசியில 20,110-லதான் வந்து நிக்கும். ஒரே வரியா வந்தா, பின்னாடி யாராவது "இந்த 13,050 என்ன வருமானம்?"னு கேட்டா விளக்கறது கஷ்டம். அதனால சலானை பத்திரமா வெச்சுக்கோங்க. Narration-ல எழுதற வார்த்தையும் பேங்குக்கு பேங்க் வேறயா இருக்கும். REV, REVERSAL, CORR மாதிரி ஏதாவது ஒண்ணு வரும்.

இரண்டாவது தேதியைப் பாருங்க

இந்த ஸ்டேட்மென்ட்ல ரொம்ப முக்கியமான விஷயம் Value Date. பதிவு போட்ட நாள் 6. ஆனா அது எந்த நாள்ல இருந்து செல்லுபடி ஆகுதுங்கறது 2. சேமிப்புக் கணக்குக்கு வட்டி, 2010 ஏப்ரல் 1-ல இருந்து தினசரி இருப்பை வெச்சுத்தான் கணக்கிடறாங்க. அந்த வட்டி Value Date-ஐத்தான் பார்க்கும். இரண்டு தேதியும் 6-ஆ இருந்தா, நாலு நாளைக்கு 13,050 ரூபாய்க்கான வட்டி உங்களுக்கு வராது.

எவ்வளவு நஷ்டம்? 2.5 சதவீதம்னு வெச்சா சுமார் மூன்றரை ரூபாய்தான். இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு நீங்க கேட்கலாம். மூன்றரை ரூபாய் முக்கியமில்லை. மினிமம் பேலன்ஸ் இருக்கான்னு பேங்க் பார்க்கறதும் இருப்பை வெச்சுத்தான். அதைவிட முக்கியமா, "2-ஆம் தேதியே பணம் கட்டிட்டார், தப்பு எங்களோடது"ன்னு பேங்க் ஒத்துக்கிட்டதுக்கு அந்தத் தேதிதான் எழுத்துல இருக்கற சாட்சி. இஎம்ஐ திரும்பினது உங்க தப்பில்லைன்னு லோன் கொடுத்த கம்பெனிகிட்ட காட்ட உங்களுக்கு இது வேணும்.

ஒரு வரம்பும் இருக்கு. வலது பக்கம் ஓடற Balance, பதிவு போட்ட வரிசையிலதான் போகும். Value Date-ஐ 2-னு போட்டாலும், 5-ஆம் தேதி இருப்பு 7,060-ன்னுதான் அந்தக் காகிதத்துல இருக்கும். திரும்பிப் போன இஎம்ஐயும் தானா திரும்பி வராது. அதை நீங்கதான் சரிபண்ணணும்.

தானா திரும்பி வராதவை

மேல இருக்கற அஞ்சாவது வரியைத் திரும்பப் பாருங்க: REV NACH RTN CHG. பல பேர் கணக்குல இந்த வரி வரவே வராது. ஏன்னா தொகையைத் திருத்தறவர் ஒருத்தர், அபராதத்தைப் பிடிச்சது சிஸ்டம். நீங்க கேட்டாதான் யாராவது அதைக் கவனிப்பாங்க. அதனால திருத்தம் வந்த அன்னைக்கு, தப்பு நடந்த தேதிக்கும் திருத்தின தேதிக்கும் நடுவுல இருக்கற எல்லா டெபிட்டையும் ஒரு தடவை பாருங்க. இஎம்ஐ அல்லது செக் திரும்பின அபராதம், மினிமம் பேலன்ஸ் அபராதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி. எல்லாத்தையும் கூட்டி, ஒரே கடிதத்துல கேளுங்க. ஜிஎஸ்டியோட சேர்த்துக் கேளுங்க; 500 வந்து 90 விட்டுப்போறது சகஜம்.

அடுத்தது, லோன் கொடுத்த கம்பெனி போடற அபராதம். இது உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல தெரியாது, லோன் கணக்குலதான் தெரியும். இதுக்கு இரண்டு வேலை செய்யணும். ஒண்ணு, பேங்க் திருத்தட்டும்னு காத்திருக்காம, முடிஞ்சா அன்னைக்கே வேற வழியில இஎம்ஐயைக் கட்டிடுங்க. அப்பதான் உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல தாமதம்னு ஏறாம தடுக்கலாம். இரண்டு, பேங்க்கிட்ட "எங்க பதிவுத் தப்பால இஎம்ஐ திரும்பியது"ன்னு ஒரு கடிதம் வாங்கி, லோன் கம்பெனிக்கு அனுப்பி அபராதத்தை ரத்து செய்யச் சொல்லுங்க.

பணம் எடுக்கும்போது தப்பு நடந்தா, உதாரணமா 5,000 எடுத்ததை 50,000-ன்னு போட்டுட்டா, உங்க நிலைமை இன்னும் வலுவானது. பெரும்பாலான பேங்குகளோட இழப்பீட்டுக் கொள்கையில, தவறான டெபிட்டைச் சரிபார்த்துத் திருப்பித் தரணும், அதனால செக்கோ இஎம்ஐயோ திரும்பி நஷ்டம் ஆகியிருந்தா அதையும் ஈடு கட்டணும்னு எழுதியிருக்கும். உங்க பேங்க் வெப்சைட்ல 'காம்பென்சேஷன் பாலிசி'ன்னு தேடிப் பாருங்க. எத்தனை நாள்ல செய்யணும்னும் அதுல இருக்கும். கடிதம் எழுதும்போது அந்தப் பத்தியைக் குறிப்பிடுங்க.

பணம் கூட வந்துட்டா?

இப்போ தலைகீழா யோசிங்க. 14,500 கட்டினீங்க, 1,45,000 ஏறிடுச்சு. 1,30,500 அதிகம். சந்தோஷப்பட வேண்டாம். கல்லாவுல அந்தப் பணம் குறையும், அந்தக் குறைவுக்குக் கேஷியர்தான் பதில் சொல்லணும், பல சமயம் தன் சம்பளத்துல இருந்தே கட்டணும்.

சட்டமும் தெளிவா இருக்கு. 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 72-ஆவது பிரிவு, தவறுதலா வந்த பணத்தைத் திருப்பித் தரணும்னு சொல்லுது. உங்களோடது இல்லைன்னு தெரிஞ்சும் எடுத்து வெச்சுக்கிட்டா, அது குற்ற வழக்காவும் மாறலாம். இப்போ அதுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவோட 314-ஆவது பிரிவு இருக்கு. செலவு பண்ணிட்டீங்கன்னா, பேங்க் உங்க கணக்குல 'லியன்' போட்டு, அடுத்து வர்ற சம்பளத்தை நிறுத்தி வெக்கற நிலைமையும் வரலாம். அதனால பணத்தைத் தொடாதீங்க. மெயில்லயோ கடிதமாவோ கிளைக்குச் சொல்லிடுங்க. நீங்களே அந்தத் தொகையை வேற எங்கேயும் திருப்பி அனுப்பவும் வேண்டாம். "தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, இந்த நம்பருக்குப் போடுங்க"ன்னு யாராவது போன் பண்ணா அது வேற கதை, மோசடி. உண்மையான திருத்தத்தைப் பேங்கே உங்க கணக்குல ஒரு டெபிட் வரியா போட்டுக்கும்.

ரொம்பப் பெரிய தொகைன்னா இன்னொரு வேலையும் இருக்கு. ஒரு நிதியாண்டுல சேமிப்புக் கணக்குல ரொக்கமா 10 லட்சம் அல்லது அதுக்கு மேல போட்டா, பேங்க் வருமான வரித்துறைக்குத் தகவல் கொடுக்கணும். 14,500 தப்பா 14,50,000-ன்னு ஏறித் திருத்தப்பட்டிருந்தா, ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி உங்க AIS-ஐப் பாருங்க. அந்தத் தொகை அங்க இருந்தா, தகவல் சரியில்லைன்னு அங்கேயே பதில் கொடுக்கற வசதி இருக்கு. பேங்க் கடிதத்தைக் கையில வெச்சுக்கோங்க.

கிளைக்குப் போகும்போது

எல்லாத்துக்கும் அடிப்படை அந்தச் சின்னச் சலான் துண்டுதான். அதுல தேதி, தொகை, சீல் இருக்கணும். எத்தனை நோட்டு கொடுத்தீங்கன்னு எழுதியிருந்தா இன்னும் நல்லது. கவுன்ட்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி மொபைல்ல வர்ற மெசேஜ்ல தொகையைப் பாருங்க. அந்த ஒரு நிமிஷத்துல சொன்னா, "சார், 14,500 சார்"னு ஒரு வார்த்தையில முடிஞ்சுடும்.

வெளியே வந்த பிறகு தெரிஞ்சா, சலான் நகலோட எழுத்துல புகார் கொடுங்க. கடிதத்துல நாலு விஷயம் போதும்: கட்டின தேதியும் தொகையும், ஸ்டேட்மென்ட்ல ஏறின தொகை, திருத்தத்தை எந்த Value Date-ல போடணும், திருப்பித் தர வேண்டிய அபராதங்களோட பட்டியல். புகார் எண் வாங்காம வராதீங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்கிட்ட cms.rbi.org.in தளத்துல கட்டணம் இல்லாம புகார் செய்யலாம். நேரா அங்க போனா ஏத்துக்க மாட்டாங்க, முதல்ல பேங்க்ல கேட்டிருக்கணும்.

இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, கடந்த ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி, REV-ன்னும் CORR-ன்னும் தேடிப் பாருங்க. ஏதாவது கிடைச்சா, Value Date சரியா இருக்கா, நடுவுல பிடிச்ச அபராதம் திரும்பி வந்துச்சான்னு பாருங்க. உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல திருத்தத்துக்கு என்ன வார்த்தை போடறாங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும். கணக்கு எண்ணை மட்டும் போட்டுடாதீங்க!